பொருளுக்கு ஒரு சொல், நமக்கு ஒரு சொல்

லேக் கார்டன்ஸ் பகுதியில் வசிக்கும் மூன்று பெண்கள் சேர்ந்து காந்தா தையல் பொருள்களைச் செய்து விற்று வருகின்றனர். இருவர் வங்காளிகள், ஒருவர் தமிழர். நடைமுறை மூலதனக் கடனுக்காக அவர்கள் எங்களிடம் அளித்த சரக்கிருப்பு அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: தீஸ்தா 14, தோர்ஷா 22, ஜலங்கி 9. மூன்றும் வங்கத்து ஆறுகள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அவற்றுள் போர்வை எது, பணப்பை எது என்பது தெரியவில்லை. இருப்பின் மதிப்பைக் கணக்கிட்டுத்தான் கடன் வரம்பை முடிவு செய்ய வேண்டும் என்பதால், ஒவ்வொரு பெயருக்கும் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று.

பேசும்போதுதான் ஒன்று புலப்பட்டது. எங்களுக்கு வந்த குழப்பமே அவர்களிடம் வாங்குவோருக்கும் வந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் ‘தோர்ஷா இரண்டு’ என்று கேட்டவர் மனத்தில் இருந்தது தலையணை உறை. அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ புத்தக உறை. திரும்பி வரும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இருவழி அஞ்சல் செலவும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. பெயர்கள் அழகாகவும் சுருக்கமாகவும் இருந்தும், பொருள் இன்னதென்று அவை சொல்லவில்லை.

இதற்கான விடை அவர்கள் கையிலிருந்த கலையிலேயே இருந்தது. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையலிட்டு வங்கத்துப் பெண்கள் செய்துவந்த காந்தாக்களுக்குப் பயனை ஒட்டியே பெயர் அமைந்தது. குளிருக்குப் போர்த்தும் தடித்த காந்தா ‘லேப்’. விரிப்பாகப் பயன்படுவது ‘சுஜனி’. உட்காரப் போடுவது ‘ஆசன்’. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைப்பது ‘ஆர்ஷிலதா’. ஆர்ஷி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. லதா என்றால் கொடி. ‘ரூமால்’ என்றால் கைக்குட்டை. ஒவ்வொன்றும் ஓரிரு அசைகளோ சற்றே கூடுதலோ கொண்ட சிறு சொல்தான். கேட்டவுடன் அதன் அளவும் வேலையும் மனத்தில் தோன்றிவிடும்.

ஆனால் அந்தச் சொற்களை அப்படியே எடுத்து அட்டையில் அச்சிட்டால் போதாது. சென்னையிலிருந்து வாங்குபவருக்கு ‘ஆர்ஷிலதா’ என்பதும் ‘தீஸ்தா’ என்பதும் ஒன்றுதான். ஆகவே பழைய பெயர்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சொல்லை அன்று, முறையை: வாங்குபவர் ஏற்கெனவே அறிந்த சொல்லே பொருளைச் சுட்ட வேண்டும்.

அப்படியானால் ‘காந்தா பர்ஸ்’ என்பதையே வணிகப் பெயராக வைத்துக்கொள்ளலாமே என்று அவர்கள் கேட்டனர். இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளின் வகை, தன்மை, பயன், தோன்றிய இடம் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் பெயரைப் பொதுவாகப் பதிவு செய்ய இடம் தருவதில்லை. பர்ஸ் விற்கும் எவரும் ‘பர்ஸ்’ என்று சொல்லத்தான் வேண்டும். அதை ஒருவருக்கே உரிமையாக்க முடியாது. நீண்ட காலப் பயன்பாட்டால் ஒரு விவரணைச் சொல் ஒருவரையே குறிக்கும் தகுதியைப் பெற்றிருந்தால் அதற்கு விலக்கு உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த விலக்கு பயன்படாது.

ஆகவே ஒரு பெயரை இரண்டு சொற்களாகப் பிரித்துப் பார்ப்பதே வழி. பொருளைச் சொல்லும் சொல் எல்லோருக்கும் பொதுவானது. அதன் முன் நிற்கும் சொல் நமக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். எல்லாப் பொருள்களுக்கும் அதுவே முன்னொட்டாக வர வேண்டும். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய அப்பளத் தொழில் இதற்கு நல்ல சான்று. 1962இல் ஒரு போட்டியின் வழியே ‘லிஜ்ஜத்’ என்ற பெயர் தேர்வாயிற்று. பரிசு 5 ரூபாய். குஜராத்தியில் அச்சொல் சுவையைக் குறிக்கும். ‘லிஜ்ஜத்’ யார் செய்தது என்பதைச் சொல்கிறது. ‘பாப்பட்’ என்ன பொருள் என்பதைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தும் பெயர் நீளவில்லை.

நம் வாடிக்கையாளர்கள் முதலில் தேர்ந்த முன்னொட்டு ‘நூலா’. நூல் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்த அந்தப் பெயர் தமிழருக்கு உடனே விளங்கும். ஆனால் வங்காளியில் ‘நுலோ’ என்றால் கை ஊனமானவர். கைத்தையல் பொருளுக்கு அதைவிடப் பொருந்தாத பெயர் கிடைக்காது. புத்தக உறைக்கு வங்காளிச் சொல்லான ‘போய்’ வைக்கலாம் என்றார் ஒருவர். புத்தகம் என்று பொருள். தமிழர் காதில் அது ‘பொய்’ என்று விழுந்தது. வங்காளியில் ‘வ’ ஒலி ‘ப’வாக மாறுவதால், வகரத்தில் தொடங்கும் தமிழ்ப் பெயர்களையும் ஒதுக்க வேண்டியிருந்தது. இறுதியில் ‘மாசி’ என்ற சொல்லில் மூவரும் ஒத்துப்போயினர். வங்காளியில் சித்தி அல்லது பெரியம்மாவைக் குறிக்கும் சொல் அது. தமிழில் ஒரு மாதத்தின் பெயர். இரு மொழியிலும் தவறான பொருள் இல்லை. தையலையோ துணியையோ அது விவரிக்கவும் இல்லை.

அடுத்து ஒரு சிறு சோதனை. பொருளைப் பார்த்திராத பத்துப் பேரிடம் தொலைபேசியில் பெயரை மட்டும் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டனர். ‘மாசி பர்ஸ்’, ‘மாசி குஷன்’ ஆகியவற்றுக்குத் தயக்கமின்றி விடை வந்தது. பழைய ஆர்ஷிலதாவை மனத்தில் கொண்டு வைத்த ‘மாசி மிரர்’ தோற்றது. பெரும்பாலோர் உள்ளே கண்ணாடி இருக்கும் என்று எண்ணினர். அதை ‘மாசி பவுச்’ என்று மாற்றினர். ‘மாசி புக்’ என்பதைக் குறிப்பேடு என்று நினைத்தவர்கள் இருந்ததால், ஒரு சொல் நீண்டாலும் ‘மாசி புக் கவர்’ என்றே வைத்தனர். சுருக்கமா தெளிவா என்ற கேள்வி எழுந்தபோது தெளிவுக்கே அவர்கள் இடம் கொடுத்தனர்.

அட்டை அச்சிடும் முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுத் தேடல் வசதி இருக்கிறது. அதில் அதே எழுத்துக்கூட்டை மட்டுமல்லாமல், ஒலி ஒத்த பெயர்களையும் தேட வேண்டும். பழக்கமான சொல்லை எடுத்தவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்வது நல்லது. ஏற்கெனவே வேறொருவர் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் வேறு முன்னொட்டைத் தேட வேண்டியதுதான். தேடலும் பதிவும் பொருள் வகுப்பு வாரியாக நடைபெறுகின்றன. போர்வை, தலையணை உறை போன்றவை 24ஆம் வகுப்பிலும், பைகளும் பணப்பைகளும் 18ஆம் வகுப்பிலும் வரும். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். ஆகவே அதிகம் விற்கும் பொருளின் வகுப்பில் முதலில் பதிவது சிக்கனமானது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பதிவு கிடைக்கும் முன்பே வட்டமிட்ட ‘ஆர்’ குறியைப் பெயருக்கு அருகில் அச்சிடுவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

‘நக்ஷி காந்தா’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். அது மேற்கு வங்கத்தின் புவிசார் குறியீடாகப் பதிவானது. அக்குறியீட்டைத் தம் பொருளின் மேல் இடுவதற்கு அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அவர்களுடைய அடுத்த சரக்கிருப்பு அறிக்கையில் குஷன் 14, பர்ஸ் 22, ரஜாய் 9 என்றிருந்தது. அதைப் படிக்க எங்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.