நாம் வைத்த தலைப்பு கூகுளில் ஏன் மாறுகிறது?

மாடித்தோட்டம் பற்றித் தமிழில் எழுதும் ஒரு தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தக்காளி வளர்ப்பு பற்றி ஒரு பக்கம். கூகுளில் தேடினால் அந்தப் பக்கம் வருகிறது, ஆனால் "இன்றைய விதைச் சலுகை" என்ற தலைப்போடு வருகிறது. தளத்துக்காரர் அப்படி ஒரு தலைப்பு வைக்கவே இல்லை. தக்காளிச் செடி வளர்க்க வழி தேடுகிறவர் அதை ஏன் தொடப்போகிறார்?

பக்கத்தின் நிரலுக்குள் எட்டிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். கணினியில் பக்கத்தைத் திறந்து Ctrl+U அழுத்தினால் நிரல் விரியும். நமக்கு வேண்டிய வரிகள் மூன்றுதான்:

```
<title>Thakkali Valarppu | Maadi Thottam | Tomato Tips 2023</title>
<h1>இன்றைய விதைச் சலுகை</h1>
<h2>மாடியில் தக்காளி வளர்ப்பது எப்படி?</h2>
```

முதல் வரியில் இருப்பதுதான் தளத்துக்காரர் கூகுளுக்கென்று வைத்த தலைப்பு. படிப்பவர் கண்ணில் அது பக்கத்துக்குள் தெரியாது, உலாவியின் மேல்பட்டையில்தான் தெரியும். `<h1>` என்பது பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் வரும் முதன்மைத் தலைப்பு.

முன்பு கூகுள் தேடும் சொல்லுக்கு ஏற்பத் தலைப்பை மாற்றிக் காட்டுவதுண்டு. 2021 ஆகஸ்ட்டில் அந்த முறையை மாற்றி, ஒரு பக்கத்தை மொத்தமாகச் சொல்லும் தலைப்பைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. பலரும் குறை சொன்னதால் சில வாரங்களில் அதைச் சீர்செய்தது. `<title>` வரியையே ஏறத்தாழ 87 சதவீதம் எடுத்துக்கொள்வதாக அந்தச் செப்டம்பரில் அறிவித்தது. மீதியில்தான் சிக்கல். அங்கே `<h1>`, பெரிய எழுத்தில் உள்ள வேறு வரிகள், அந்தப் பக்கத்துக்கு வரும் இணைப்புகளில் எழுதியிருக்கும் சொற்கள் என்று பலவற்றிலிருந்தும் கூகுள் எடுக்கும்.

நம் உதாரணத்தில் `<title>` வரியை நம்ப முடியாதபடி மூன்று குறைகள் இருக்கின்றன. ஒரே பொருளைத் தரும் சொற்களைக் கோடு போட்டு அடுக்கியிருப்பது ஒன்று. 2023 என்ற ஆண்டு பழையதாகிவிட்டது இன்னொன்று. மூன்றாவதுதான் தமிழ்த் தளங்களில் அதிகம் காணும் குறை: பக்கம் முழுக்கத் தமிழ், தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்து. பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறார்கள் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் பக்கம் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் தலைப்பும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் வழிகாட்டுதல். அப்படி இல்லாத தலைப்புகளைக் கண்டுபிடித்து மாற்றும் ஏற்பாட்டை 2022இல் கூட்டினார்கள்.

ஆக, கூகுள் அடுத்த தலைப்பைத் தேடிப் போகிறது. முதலில் கண்ணில் படுவது `<h1>`. அதில் விதைச் சலுகை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தை வடிவமைத்தவர், எழுத்து பெரிதாக வரட்டும் என்று விளம்பர வரிக்கு அந்தக் குறியைக் கொடுத்துவிட்டார். தலைப்பு மாற்றத்துக்குக் கூகுளைத் திட்டுகிறோம். தவறான தலைப்பு கிடைத்ததற்கு இந்த வரிதான் காரணம்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. விளம்பர வரியைச் சாதாரணப் பத்தியாக்கி, எழுத்தின் அளவை வடிவமைப்பில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு இரண்டு தலைப்புகளும் ஒரே விஷயத்தைச் சொல்லட்டும்:

```
<title>மாடியில் தக்காளி வளர்ப்பு: தொட்டி முதல் அறுவடை வரை</title>
<h1>மாடியில் தக்காளி வளர்ப்பது எப்படி?</h1>
```

இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கத் தேவையில்லை, முரண்படாமல் இருந்தால் போதும். ஆண்டு உண்மையிலேயே தேவைப்படும் பக்கங்களில், உதாரணமாக கல்லூரிச் சேர்க்கை பற்றிய பக்கத்தில், புது ஆண்டை `<h1>`இல் மட்டும் மாற்றிவிட்டு `<title>`ஐ மறந்துவிடுகிறார்கள். அங்கே கூகுள் புது ஆண்டுக்கு மாற்றிக் காட்டினால் அது நமக்கு உபகாரம்தான். எல்லா மாற்றத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. தலைப்பின் கடைசியில் மூன்று புள்ளிகள் மட்டும் வந்தால், அது பெரும்பாலும் இடம் போதாமல் வெட்டியது. முக்கியச் சொற்களை முன்னால் வைத்தால் சரியாகும். இத்தனை எழுத்துதான் என்ற கணக்கெல்லாம் கூகுள் வைத்திருக்கவில்லை, திரையின் அகலத்தைப் பொறுத்து வெட்டுகிறது.

"என் தலைப்பை மாற்றாதே" என்று கூகுளுக்கு உத்தரவு போடும் குறி எதுவும் கிடையாது. திருத்திய உடனே பலனும் தெரியாது. கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து படிக்கச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். Search Console-இல் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் கடைசியாக வந்து படித்த தேதி தெரியும். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்கவும் அங்கேயே வழி இருக்கிறது. அந்தத் தேதி நீங்கள் திருத்திய நாளுக்கு முந்தையதாக இருந்தால், தலைப்பை மீண்டும் மாற்றாதீர்கள். கூகுள் இன்னும் பழைய பக்கத்தைத்தான் வைத்திருக்கிறது.