மேலாளருக்கு ஒரு யோசனை: ஏழெட்டு வரி போதும்

வேலைமுறையில் ஒரு மாற்றத்தை மேலாளரிடம் முன்வைக்கும் மின்னஞ்சலில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: இப்போது எது இடிக்கிறது, எதை மாற்றலாம், அதற்கு எவ்வளவு உழைப்பு ஆகும்.

ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். சப்ளையர் அனுப்பும் பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாவிட்டால், அது எந்த ஆர்டருக்கானது என்று போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. “பில் வேலை தாமதமாகிறது” என்று மட்டும் எழுதினால் அது வெறும் புலம்பலாகத்தான் படும். இப்படி எழுதலாம்:

“சென்ற மாதம் வந்த 200 பில்களில் 36-இல் ஆர்டர் எண் இல்லை. ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம் வீதம் 12 மணி நேரம் போனது. ஆர்டர் படிவத்தில் ‘பில்லில் இந்த எண் அவசியம்’ என்ற வரியைச் சேர்க்கலாம். படிவத்தை மாற்றக் கணினிப் பிரிவுக்கு அரை நாள், சப்ளையர்களுக்குத் தெரிவிக்க எனக்கு ஒரு நாள் ஆகும். முதலில் 10 சப்ளையர்களிடம் ஒரு மாதம் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டும்.”

பலர் சறுக்குவது உழைப்புக் கணக்கில்தான். தங்கள் நேரத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த பிரிவு செலவிட வேண்டிய அரை நாளை விட்டுவிடுவார்கள். மேலாளரின் முதல் கேள்வி அங்கேதான் வரும். ஆகவே அனுப்புவதற்கு முன்பே கணினிப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.