89 மில்லிமீட்டரில் ஓர் ஆய்வுப்படம்

ஆய்விதழுக்குப் படம் தயாரிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது அச்சில் எவ்வளவு அகலத்தில் வரும் என்பதைத்தான். ‘நேச்சர்’ இதழில் ஒற்றைப் பத்தியின் அகலம் 89 மில்லிமீட்டர். ஏறத்தாழ மூன்றரை அங்குலம். புகைப்படம் போன்ற படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வேண்டும் என்பது இதழ்களின் வழக்கமான விதி. அப்படியானால் படம் சுமார் 1,050 பிக்சல் அகலம் இருக்க வேண்டும்.

நுண்ணோக்கியில் எடுத்த செல் படம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஒரு புரதம் சிவப்பாகவும் இன்னொன்று பச்சையாகவும் ஒளிர்கிறது. ஆய்வாளர் அதைத் திரையிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டாக எடுக்கிறார். அகலம் 600 பிக்சல். அச்சில் இது அங்குலத்துக்கு 171 புள்ளிகள்தான். மென்பொருளில் 300 என்று மாற்றிப் படத்தைப் பெரிதாக்கினால் கோப்புதான் பெருக்கும். இல்லாத பிக்சல்களை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறத்தைப் பார்த்து நிரப்பிவிடுகிறது. செல்லின் விளிம்பு மங்கலாகவே நிற்கும். நுண்ணோக்கி சேமித்த மூலக் கோப்புக்கே திரும்பிப் போவதுதான் வழி. கோடும் எழுத்துமாக இருக்கும் வரைபடத்தை வெக்டர் பிடிஎஃப் ஆகச் சேமித்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும்.

அடுத்தது நிறம். இரண்டு புரதங்களும் சேரும் இடம் மஞ்சளாகத் தெரியும். கட்டுரையின் வாதமே அந்த மஞ்சளில்தான் இருக்கும். ஆனால் வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். அவர்களுக்கு மூன்று நிறங்களும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். சிவப்புக்குப் பதில் மெஜந்தா வைத்தால் அதில் நீலமும் கலந்திருப்பதால் பச்சையிலிருந்து பிரிந்து தெரியும்; இரண்டும் சேரும் இடம் வெள்ளையாகும். ஃபிஜி மென்பொருளில் `Replace Red with Magenta` என்ற கட்டளையே இதைச் செய்துவிடும். ஒவ்வொரு புரதத்தையும் தனியே கறுப்பு வெள்ளையிலும் பக்கத்தில் காட்டிவிட்டால், நிறத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மூன்று புரதங்கள் இருந்தால் இந்தத் தனிப் படங்கள் கட்டாயம் வேண்டும். பட்டை வரைபடங்களுக்கு ஒகாபே, இட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் வகுத்த நிறத்தொகுப்பு இருக்கிறது. அதிலுள்ள ஆரஞ்சும் (`#E69F00`) நீலமும் (`#0072B2`) இரண்டு குழுக்களுக்குப் போதும்.

கடைசியாகப் படக்குறிப்பு. முதல் படத்தில் ‘மருந்து தராத செல்கள்’ என்றும் மூன்றாம் படத்தில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்றும் எழுதினால், இவை வேறு வேறு குழுக்களோ என்று படிப்பவர் தேடத் தொடங்குவார். பிழைக்கோடுகளில் இது இன்னும் ஆபத்து. மாதிரிகள் ஒன்பது என்றால், சராசரியின் திட்டப்பிழை திட்டவிலக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு படத்தில் இதையும் இன்னொன்றில் அதையும் போட்டுக் குறிப்பில் சொல்லாமல் விட்டால், ஒரே அளவு சிதறல் கொண்ட தரவு ஓரிடத்தில் மூன்று மடங்கு துல்லியமாகத் தோன்றும். ஆகவே குழுவின் பெயர், மாதிரி எண்ணிக்கை, பிழைக்கோட்டின் பொருள், அளவுகோலின் நீளம் ஆகிய நான்கையும் எல்லாக் குறிப்புகளிலும் ஒரே சொல்லில், ஒரே வரிசையில் எழுத வேண்டும்.

அனுப்பும் முன் பக்கத்தை உண்மையான அளவில் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துகளைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடியவில்லை என்றால், படம் இன்னும் தயாராகவில்லை.