புலியும் புளியும்: வீட்டில் பயிற்சிக்கான சொல்லிணைகளைத் தேடும் முறை

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ‘புளி’ என்பதைப் ‘புலி’ என்றும், ‘பள்ளி’ என்பதைப் ‘பல்லி’ என்றும் சொல்வதாகக் கொள்வோம். இத்தகைய குழந்தைகளுக்கு எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவில், ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொல்லிணைகளைப் பயன்படுத்துகிறோம். இவற்றைப் பெற்றோரே வீட்டில் தேடி எடுக்கலாம்.

முதலில், குழந்தை தவறாகச் சொல்லும் ளகரச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ளகரத்தை மாற்றி லகரத்தை இடுங்கள். பொருளுள்ள சொல் கிடைத்தால் அது இணை. தமிழில் ளகரம் சொல்லின் முதலில் வாராது. ஆகவே இடையிலும் இறுதியிலுமே தேட வேண்டும். தோல்–தோள், வால்–வாள் ஆகியவை அவ்வாறு கிடைப்பவை.

கிடைத்த இணைகள் அனைத்தும் பயன்படா. ‘கிளி’க்கு இணை ‘கிலி’. ஆனால் அச்சத்தைக் குறிக்கும் அச்சொல்லைக் குழந்தை அறியாது. ‘வேலை–வேளை’ இணையில் வேளையைப் படமாக வரைய இயலாது. இரண்டும் குழந்தை அறிந்தவையாகவும் படத்தில் காட்டத்தக்கவையாகவும் இருத்தல் வேண்டும்.

எழுத்து வேறுபட்டால் ஒலியும் வேறுபடும் என்று கொள்ளலாகாது. ‘கரி–கறி’ ஏட்டில் இரண்டு; பல வீடுகளின் பேச்சில் ஒன்றே. மழையை ‘மளை’ என்றே பெரியோர் சொல்லும் வீட்டில், குழந்தையும் அவ்வாறு சொல்வது குறையன்று. உங்கள் வீட்டுப் பேச்சில் வேறுபட்டு ஒலிக்கும் இணைகளையே தேர்ந்தெடுங்கள்.

பயிற்சியைச் செவியிலிருந்து தொடங்குகிறோம். புலி, புளி படங்களை எதிரே வைத்து, உங்கள் வாயைக் குழந்தை பார்க்காதவாறு அமர்ந்து, ஒழுங்கின்றி மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லுங்கள். குழந்தை தொட்டுக் காட்டட்டும். ஊகித்துத் தொட்டாலே ஏறத்தாழ ஐந்து சரியாகிவிடும். ஆகவே ஐந்தாறு சரியானால் வேறுபாடு கேட்கிறது என்று கருத வேண்டா. ஒன்பதோ பத்தோ சரியாக வேண்டும். பல நாள் முயன்றும் எண்ணிக்கை உயராவிடில் எங்களிடம் தெரிவியுங்கள். செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம்.

கேட்டறிந்த பின்னரே சொல்லும் பயிற்சி. இப்போது குழந்தை கேட்கும் படத்தை நீங்கள் எடுத்துத் தர வேண்டும். புளியை எண்ணிப் ‘புலி’ என்றால், கடிந்துகொள்ளாமல் புலிப் படத்தையே கொடுங்கள். ‘நான் கேட்டது இது இல்லை’ என்று குழந்தை உணரும் கணத்தில்தான் ஒலியைத் திருத்தும் தேவை அதற்கே புலப்படுகிறது. அப்போது நாவின் இடத்தைக் காட்டுங்கள்: லகரத்திற்கு நாநுனி மேற்பற்களின் பின்னுள்ள ஈறு மேட்டைத் தொடும், ளகரத்திற்கு மேல்நோக்கி மடிந்து, சற்றுப் பின்னே அண்ணத்தைத் தொடும்.

இரண்டு மூன்று இணைகள் தொடக்கத்திற்குப் போதும். பயிற்சியில் வராத ‘வெள்ளம்’, ‘தவளை’ போன்ற சொற்களிலும் ளகரம் தானாக ஒலிக்கத் தொடங்கினால், ஒலி படிந்துவிட்டது என்று அறியலாம்.