நாலு மணி நேரம் கழித்து முகர்ந்து பார்

முதல் சென்ட் வாங்கப் போகிற பையன்களுக்குக் கடையிலேயே ஒரு பொறி காத்திருக்கிறது. டெஸ்டரை அழுத்தியதும் மூக்கில் ஏறுகிறதே ஒரு பளிச்சென்ற வாசனை, அதை நம்பிக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் அது பறந்து போய், வேறொரு வாசனை சட்டையில் உட்கார்ந்திருக்கும். நாள் முழுக்கக் கூட வரப்போவது அந்த இரண்டாவது வாசனைதான். ஆனால் அதை முகர்ந்து பார்த்து யாரும் வாங்குவதில்லை.

என் அக்கா மகன் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிக்க வந்து, நான் இருக்கிற கொலோன் நகரத்தில் தங்கியிருக்கிறான். கூடப் படிக்கிற பையனின் பிறந்தநாள் விருந்துக்குப் போக வேண்டும், "எல்லாரும் ஏதோ வாசனையா வர்றாங்க மாமா, எனக்கும் ஒண்ணு வேணும்" என்றான். சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனேன். உலகம் முழுக்க ஆண்கள் போடுகிற வாசனைத் தண்ணீருக்கெல்லாம் கொலோன் என்று பெயர் வரக் காரணமான ஊரிலேயே இருந்துகொண்டு, அவன் முதல் சென்ட்டை இணையத்தில் வாங்க விடுவேனா?

இத்தாலியிலிருந்து இங்கே வந்து குடியேறிய யோஹான் மரியா ஃபரீனா என்பவர்தான் தான் கலந்த வாசனைத் தண்ணீருக்கு இந்த ஊரின் பெயரை வைத்தார். ஃபரீனா குடும்பத்தின் கடை 1709இல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. அதற்கு முன் ஐரோப்பாவில் செல்வந்தர்கள் பூசிக்கொண்டவை கஸ்தூரி போன்ற கனத்த வாசனைகள். ஃபரீனா பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலெண்ணெய், எலுமிச்சை, ஆரஞ்சு இவற்றோடு பூ, மூலிகை எண்ணெய்களையும் நல்ல சாராயத்தில் கரைத்து லேசான ஒன்றைச் செய்தார். அதே வகையில் பின்னால் வந்த 4711 என்ற கொலோனின் பெயர், பிரெஞ்சுப் படைகள் நகரத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் குளோக்கன்காஸே தெருவில் அந்த வீட்டுக்கு இட்ட கதவு எண். அந்தக் கடைக்குள் கொலோனே ஊற்றாக வழிகிற ஒரு சின்னத் தொட்டி உண்டு. முதலில் அங்கேதான் போனோம்.

பையன் விரலை நனைத்து முகர்ந்தான். முகம் சுருங்கியது.

"என்ன மாமா இது, காய்ச்ச வாசனை அடிக்குது."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் அம்மா, அதாவது அவன் பாட்டி, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் யூடிகோலனைத் தண்ணீரில் கலந்து, வெள்ளைத் துணியை நனைத்து நெற்றியில் போடுவார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அது அலமாரி மருந்து. சாராயம் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதனால்தான் அந்தக் குளிர்ச்சி. காய்ச்சலை அது குணப்படுத்தாது, நெற்றிக்கு இதம் தரும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் மன்னர்கள் பூசிக்கொண்ட வாசனை, நெப்போலியன் தாராளமாகத் தெளித்துக்கொண்ட வாசனை, இவனுக்குக் கசாயமும் ரொட்டியும் ஆறிப்போன கஞ்சியுமாக வந்து நின்றது. மூக்கிலிருந்து வருகிற சேதி மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு மிகக் கிட்டத்தில் போய்ச் சேர்கிறது. பார்ப்பதும் கேட்பதும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகின்றன. அதனால் ஒரு வாசனை நல்லதா என்று யோசிப்பதற்கு முன்பே அது எங்கே பழக்கமானது என்பது வந்துவிடுகிறது. கடையில் வேறு யார் சிபாரிசு செய்தாலும் எடுபடாததற்கு இதுதான் காரணம்.

அப்போதுதான் அவனிடம் கேட்டேன், ஊரில் உனக்குப் பிடித்த வாசனை எது என்று. யோசிக்காமல் இரண்டு சொன்னான். சாயங்காலம் அவன் அம்மா தொடுக்கிற மல்லிகை. கோடையில் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர்.

இரண்டுமே உலக வாசனைத் தொழிலின் முக்கியமான சரக்குகள். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மல்லிகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாலைக்குப் போனது போக, தமிழ்நாட்டு மல்லிகையின் ஒரு பங்கு பாட்டிலுக்குப் போகிற வழி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நீராவியில் வேகவைத்து எண்ணெய் எடுத்தால் மல்லிகையின் வாசனை கெட்டுப்போகும். அதனால் ஹெக்சேன் என்ற திரவத்தில் பூவை ஊறவைத்து வாசனையை இழுக்கிறார்கள். திரவத்தை ஆவியாக்கி எடுத்ததும் மெழுகு போல ஒன்று மிஞ்சும். அதைச் சாராயத்தில் கழுவி மெழுகை நீக்கினால் வருவதுதான் சென்ட் செய்பவர்கள் வாங்குகிற சாறு. ஒரு கிலோ சாறுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண விலையில் கிடைக்கிற மல்லிகை சென்ட்டில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனைதான்.

அடுத்து ஒரு பெரிய பெர்ஃப்யூம் கடைக்குப் போய் மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றுக்கு மேல் ஒரே நாளில் பார்க்கக்கூடாது, மூக்கு மரத்துவிடும். கடைகளில் காப்பிக்கொட்டைக் கிண்ணம் வைத்திருப்பார்கள். அதற்குத் தனி மகிமை ஒன்றும் இல்லை, வெளியே போய்க் காற்று வாங்கினால் போதும். முதலில் பேப்பர் துண்டில் அடித்து, சாராய நெடி போக அரை நிமிடம் விட்டு முகர்ந்தோம். பேப்பர் வேண்டாததைக் கழிப்பதற்கு மட்டும்தான் உதவும். முடிவைத் தோல்தான் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு இடது மணிக்கட்டில் பழைய பாணிக் கொலோன், வலது மணிக்கட்டில் மல்லிகை, இடது முழங்கை மடிப்பில் வெட்டிவேர் என்று ஒவ்வொரு தடவை அடித்தோம். "தேய்க்காதே" என்று சொல்லி வைத்தேன். தேய்த்தால் அந்தச் சூட்டில் முதல் வாசனை இன்னும் வேகமாகப் பறந்துவிடும்.

அந்த நிமிடத்தில் காசு கொடுக்கச் சொல்லியிருந்தால் மல்லிகையை வாங்கியிருப்பான். வெட்டிவேரைப் பார்த்து, "பழைய புஸ்தகம் மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டான்.

பதினொன்றரைக்குக் கொலோனில் எலுமிச்சை போய்விட்டது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் வாசனைப் பொருள்கள் சின்ன மூலக்கூறுகள். உடம்புச் சூடு பட்டதும் அவைதான் முதலில் கிளம்பும். பூ வாசனைகள் நடுவில் வரும். வேர், கட்டை, பிசின் இவற்றின் பெரிய மூலக்கூறுகள் கடைசிவரை தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். சென்ட் செய்பவர்கள் ஒரு பாட்டிலை இந்த மூன்று அடுக்காகத்தான் கட்டுகிறார்கள். பழைய பாணிக் கொலோனில் கீழடுக்கு மிக மெலிது, வாசனை எண்ணெயும் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான். ஒரு மணிக்கு அவன் மணிக்கட்டில் ஏறக்குறைய எதுவும் இல்லை. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். முகம் கழுவுகிற மாதிரி அடிக்கடி தெளித்துக்கொள்வதற்காகச் செய்த பண்டம் அது.

மல்லிகைதான் அவனை வருத்தப்பட வைத்தது. ஒரு மணிக்கு மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப முகர்ந்துவிட்டுச் சொன்னான்.

"பூ இருக்கு மாமா. காம்பு இல்ல. அம்மா தலையில ராத்திரி இருக்குமே, அது இல்ல."

தேர்ந்த மூக்குக்காரர் சொல்ல வேண்டிய வார்த்தை அது. பறித்த பிறகும் மல்லிகை மொட்டு உயிரோடு இருக்கிறது. சாயங்காலம் விரியும்போதும் இரவு நெடுகிலும் வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வாசனையில் இண்டோல் என்று ஒரு பொருள் சிறு அளவில் உண்டு. தனியே முகர்ந்தால் அந்துருண்டை நெடி, சற்று அசிங்கமான நெடிகூட. ஆனால் மற்றவற்றோடு சேரும்போது மல்லிகைக்கு அந்தக் கிறக்கத்தைக் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. காலையில் வாடிய சரம் கனமாக மணக்கிறதே, அதிலும் இதன் கை இருக்கிறது. பல கம்பெனிகள் சுத்தமாக மணக்க வேண்டும் என்று இண்டோலைக் குறைத்துவிடுகின்றன. நாரின் ஈரமும், தலையெண்ணெயும், காம்பின் பச்சை வாசனையும் எந்தச் சாறிலும் வராது. அம்மாவின் தலைப்பூவைப் பாட்டிலில் தேடுகிறவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். அதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு ரைன் நதிக்கரையில் நடந்தோம். "வெட்டிவேரும் போச்சு மாமா" என்றான். முழங்கையை நான் முகர்ந்தேன். நன்றாகவே இருந்தது. தன் மேல் இருக்கிற வாசனையை மூக்கு சீக்கிரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வாசனை போய்விட்டது என்று நினைத்து மேலும் மேலும் அடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். கூட இருப்பவரைக் கேட்காமல் இரண்டாவது தடவை அடிக்கக்கூடாது.

மூன்று மணிக்கு, கோட்டைக் கழற்றிக் காப்பிக்கடையில் உட்கார்ந்தபோது, கையை மடக்கினவன் அப்படியே நிறுத்தினான்.

"மாமா, பானைத் தண்ணி."

வெட்டிவேரின் எண்ணெய் கனமானது. மண்ணுக்குள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த வேரைத் தோண்டி, கழுவி, உலர்த்தி, நீராவியில் மணிக்கணக்காக வாட்டித்தான் அதை எடுக்க முடியும். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் விளைகிறது. உலகச் சந்தைக்கு ஹெய்ட்டியிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் நிறைய வருகிறது. ஜாவாச் சரக்கில் புகை நெடி தூக்கலாக இருக்கும், ஹெய்ட்டிச் சரக்கு தெளிவாக இருக்கும். பேப்பர் துண்டில் அவன் கழித்துவிட்ட வேறொரு வெட்டிவேர், "அடுப்புப் புகை" என்று அவன் சொன்னது, அந்த முதல் வகையாக இருக்கலாம். பானையில் போட்ட வேரிலிருந்து தண்ணீருக்குள் இறங்குவது எண்ணெயில் மிகச் சிறிய பங்குதான், அதனால்தான் அது அவ்வளவு மென்மை. சென்ட்டில் அந்த மென்மை வரவேண்டுமானால் மேலே உள்ள மிளகும் பழத்தோலும் போய், வேரும் பாதி கரைய வேண்டும். அதற்கு அவன் கையில் நாலு மணி நேரம் பிடித்தது.

திரும்பிப் போய் அதையே வாங்கினோம். பெரிய பாட்டிலைத்தான் காட்டினார்கள், முப்பது மில்லி போதும் என்றேன். தினம் இரண்டு தடவை அடித்தாலும் மாதக்கணக்கில் வரும். திறந்த பாட்டில் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெடும், முதலில் கெடுவது பழத்தோல் வாசனை. நிறம் கறுத்து, அடித்ததும் புளித்த மாதிரி நெடி வந்தால் தெரிந்துகொள்ளலாம். குளியலறை ஜன்னலில் வைக்காமல் துணி அலமாரிக்குள் வை என்று சொன்னேன். பெட்டியில் லிமோனீன், லினலூல் என்று எழுதியிருப்பதையும் காட்டினேன். சிலருக்குத் தோல் அரிக்கும், அப்படியானால் தோலில் படாமல் சட்டைக்கு வெளிப்பக்கம் அடித்துக்கொள்ளலாம்.

கடையை விட்டு வருமுன் அவனாகவே இன்னொன்று கேட்டான், பழைய பாணிக் கொலோனில் ஒரு சின்னக் குப்பி. "காய்ச்ச வாசனைன்னு சொன்னியேடா?" என்றேன்.

"போட்டுக்க இல்ல மாமா. ஊருக்குப் போறப்ப பாட்டிக்குக் கொடுக்கலாம்."

விருந்துக்கு வெட்டிவேரை மார்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று இரண்டே தடவை அடித்துக்கொண்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தயாராகிவிட்டான். மிளகு நெடி வழியிலேயே போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தான்.