கைத்தறியா, விசைத்தறியா? சேலையின் ஓரத்தைப் பாருங்க!

‘கைத்தறிதாம்மா, நம்பி எடுங்க’ என்று கடைக்காரர் விரித்துப் போடும் செட்டிநாடு காட்டன் சேலை, விசைத்தறியில் ஓடியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நீளவாக்கில் உள்ள ஓரத்தைப் பாருங்கள். ஊடை நூல்கள் வெட்டுப்பட்டுக் குஞ்சம் போல நீட்டிக்கொண்டிருந்தால், அது நாடா இல்லாத நவீன தறியில் நெய்தது. கைத்தறியில் நாடா போய்த் திரும்புவதால் நூல் ஓரத்தில் மடங்கித் திரும்பும். ஆனால் மடங்கிய ஓரம் இருந்தாலே கைத்தறி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாடா ஓடும் பழைய விசைத்தறியிலும் ஓரம் இப்படித்தான் வரும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து, ஓரத்தில் ஊசித் துளைகளைத் தேடுங்கள். நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமலிருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த குச்சியைக் குறுக்கே குத்தி நிறுத்துவார் நெசவாளி. சில அங்குலம் நெய்ததும் அதைக் கழற்றி முன்னால் குத்துவார். அதனால் துளைகள் விட்டு விட்டு, கொஞ்சம் முன்பின்னான இடைவெளியில் இருக்கும். விசைத்தறியில் ஊசி வளையம் சுழன்றுகொண்டே இருப்பதால், தடம் இடைவெளியின்றி ஓரம் நெடுகத் தொடரும். கஞ்சி போட்டு, துவைத்த துணியில் துளைகள் மூடிப்போயிருக்கலாம். அப்போது இந்தச் சோதனை கைகொடுக்காது.

நெசவையே எண்ணிப் பார்க்கலாம். அங்குல ஸ்கேலைத் துணிமேல் வைத்து, செல்போனில் நெருக்கமாகப் படம் எடுத்து, ஒரு அங்குலத்தில் எத்தனை ஊடை நூல் என்று எண்ணுங்கள். சேலையில் ஐந்து இடங்களில் இப்படிச் செய்யுங்கள். 58, 62, 57, 60, 63 என்று ஏறி இறங்கினால் கை அடித்த நெசவாக இருக்க வாய்ப்பு அதிகம். விசைத்தறியில் பல்சக்கரம் துணியை ஒரே அளவில் இழுப்பதால் 60, 60, 61, 60, 60 என்றுதான் வரும். அங்கங்கே நூல் தடித்திருப்பதை மட்டும் நம்பாதீங்க. அப்படிப்பட்ட நூலையே வாங்கி விசைத்தறியில் ஓட்டுகிறார்கள். அது நூலின் குறை. நெசவின் அடையாளம் அல்ல.

ஆன்லைனில் வாங்கினால் துணியைத் தொட முடியாது. அதனால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: ஓரம், பின்பக்கம், லேபிள். 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’ லேபிளில் தனி எண் இருக்கும். படத்தில் அந்த எண் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். பத்துச் சேலைக்கும் ஒரே எண் உள்ள படம் வந்தால், ஒரு லேபிளைப் பத்துத் துணிமேல் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஹேண்ட்லூம் ஃபினிஷ்’, ‘ஹேண்ட்லூம் டச்’ என்று அச்சடித்த அட்டை எதற்கும் சான்று இல்லை.

லேபிள் இல்லாமல் விற்கும் உண்மையான நெசவாளிகளும் நிறைய உண்டு. அவர்களிடம் ஓரமும் எண்ணிக்கையும்தான் பேச வேண்டும்.