லிங்க் யார் கையில் இருக்கிறது? குடும்ப வீடியோ காலில் கவனிக்க வேண்டியவை

முன்பெல்லாம் நிக்காஹ் பேச்சு என்றால் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். இன்று அத்தா சூலக்கரையில், மகன் துபாயில், மூத்த மகள் சென்னையில், மாமா சிவகாசியில் என்று குடும்பம் நாலு திசையிலும் இருக்கிறது. அதனால் அதே பேச்சு செல்போனில் நடக்கிறது. கூடத்தில் பேசியபோது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியும், வாசற்கதவும் நம் கையில் இருக்கும். வீடியோ காலில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதை, மேலே சொன்ன குடும்பத்தையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

முதலில் எந்தச் செயலியில் பேசுவது? வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திகள் போய்ச் சேரும், அழைப்புகள் பொதுவாகக் கிடைப்பதில்லை. அந்நாட்டில் ஜூம், கூகுள் மீட் போன்றவை வேலை செய்யும் என்பதால், துபாய் மகனையும் சேர்க்க வேண்டுமானால் அவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. வாட்ஸ்அப் வீடியோ காலில் 32 பேர் வரை சேரலாம். ஜூம், மீட் இரண்டிலும் இலவசக் கணக்கில் 100 வரை சேரலாம். இதில் எண்ணப்படுவது ஆள் அல்ல, போன். நன்னிமாவைச் சுற்றி எட்டுப் பேர் ஒரே போனில் பார்த்தாலும் அது ஒன்றுதான். ஒரே அறையில் இரண்டு போன்களில் சேர்ந்தால் எண்ணிக்கை கூடுவதோடு, ஒன்றின் சத்தம் மற்றொன்றில் புகுந்து எதிரொலிக்கும். அறைக்கு ஒரு போன் போதும்.

நேரத்துக்கும் அளவு உண்டு. இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். ஆகவே முக்கியமான விஷயத்தை முதலில் பேசிவிட வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே 7.30. மகன் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பாரா என்று கேட்டுவிட்டு நேரம் குறிப்பது நல்லது.

பேசும்போது படம் உறைந்து நின்றால் யாருடைய நெட் கோளாறு என்று கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு போனும் தன் படத்தை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது, சர்வர் அதை மற்றவர்களுக்கு அனுப்புகிறது. எனவே மாமாவின் படம் மட்டும் நின்றால் பெரும்பாலும் அவருடைய நெட்தான் காரணம். எல்லோருடைய படமும் நின்றால் நம்முடைய நெட் காரணம். அப்போது நம் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினால் ஓரளவு சரியாகும்.

இனி கதவுக்கு வருவோம். குடும்பத்தார் ஜூமைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னை மகள் காலை நடத்துகிறார், அவர் ஒரு லிங்க் அனுப்புகிறார். அந்த லிங்க்தான் வீட்டுச் சாவி. வாட்ஸ்அப் கால் லிங்க்காக இருந்தாலும் இதே கதைதான். மாமா அதைத் தன் நண்பருக்கு அனுப்பினாலும், யாராவது 200 பேர் உள்ள குழுவில் போட்டாலும், அத்தனை பேரிடமும் சாவி போய்விட்டது என்று பொருள்.

2020 ஊரடங்கின்போது இதுதான் நடந்தது. பொதுவில் பகிரப்பட்ட லிங்க்குகள் வழியாக முன்பின் தெரியாதவர்கள் வகுப்புகளிலும் கூட்டங்களிலும் நுழைந்து ஆபாசப் படம் காட்டினார்கள். அந்த ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் ஜூம் பயன்படுத்துவோருக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. அதில் சொன்னவை இன்றும் பொருந்தும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய எண்ணும் கடவுச்சொல்லும் வைக்க வேண்டும். காத்திருப்பு அறையைப் போட்டு வைக்க வேண்டும். எல்லோரும் வந்ததும் கூட்டத்தைப் பூட்ட வேண்டும்.

நம் குடும்பத்தில் இது எப்படி நடக்கும்? சென்னை மகள் எப்போதும் மாறாத தன் சொந்த எண்ணைக் கொடுக்காமல், இந்தப் பேச்சுக்கென்று புதிய லிங்க் உண்டாக்கி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிறார். "Waiting Room" போட்டிருப்பதால் லிங்க்கைத் தொட்டவர்கள் வெளியே காத்திருப்பார்கள். அவர் "Admit" என்பதைத் தொட்டால்தான் உள்ளே வரமுடியும், அதுவரை பேச்சும் கேட்காது, படமும் தெரியாது. அங்கே தெரியும் பெயர் அவரவர் போட்டுக்கொண்டதுதான். சிலருக்குப் போனின் மாடல் பெயரே வரும், வேறு ஆள் "மாமா" என்று போட்டுக்கொண்டும் வரலாம். அதனால் உள்ளே விட்டதும் ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் குரலை உறுதி செய்ய வேண்டும். அழைத்தது ஏழு போன், பட்டியலிலும் ஏழு என்றால் "Lock Meeting" கொடுத்துவிடலாம். அதன் பிறகு லிங்க் எங்கே சுற்றினாலும் புதிதாக யாரும் சேர முடியாது.

பேச்சின் நடுவே மண்டபச் செலவுக் கணக்கைக் காட்ட மகள் திரையைப் பகிர்கிறார். பகிர்ந்த நேரம் முதல் அவருடைய போன் திரையில் வருவது எல்லாம் மற்றவர்களுக்கும் தெரியும். மேலிருந்து இறங்கும் வாட்ஸ்அப் செய்தி, வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாமே அதில் அடக்கம். எனவே பகிரும் முன் அறிவிப்புகளை நிறுத்தி, காட்ட வேண்டியதை மட்டும் திறந்து வைத்து, காட்டி முடித்த உடனே பகிர்வை நிறுத்த வேண்டும். பணம் பறிப்பவர்கள் வங்கி அதிகாரி, போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் திரையைப் பகிரச் சொல்வது இதற்காகத்தான். அப்படிக் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

கடைசியாகப் பதிவு. "அனுமதி இல்லாமல் யாரும் ரிக்கார்டு பண்ண முடியாதுதானே?" என்று பெண்கள் கேட்பது வழக்கம். ஜூமில் நடத்துபவர் கம்ப்யூட்டர் வழியாகப் பதிவு செய்யலாம், மற்றவர்கள் செய்ய அவருடைய அனுமதி வேண்டும். பதிவு தொடங்கினால் எல்லோருக்கும் அறிவிப்பு வரும். மீட்டின் இலவசக் கணக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பதிவு வசதி கிடையாது. ஆனால் இவையெல்லாம் செயலிக்குள் இருக்கும் பொத்தானைப் பற்றிய விதிகள் மட்டுமே. போனிலேயே இருக்கும் திரைப்பதிவை ஒருவர் ஓடவிட்டாலோ, இன்னொரு போனை எதிரே பிடித்தாலோ நமக்கு எந்த அறிவிப்பும் வராது. அதைத் தடுக்கும் அமைப்பும் நம் கையில் இல்லை.

எனவே பதிவைத் தடுப்பதற்கு நம்மிடம் உள்ள வழி, உள்ளே யார் வருகிறார்கள் என்பதைக் கவனிப்பதுதான். தொடங்கும்போதே "இதை யாரும் பதிவு செய்ய வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். முகம் காட்ட விரும்பாதவர் கேமராவை அணைத்துக் குரலில் மட்டும் பேசலாம், அதை யாரும் குறையாக எடுக்கக் கூடாது. நகை, தொகை, வங்கி எண் போன்றவற்றை வீடியோ காலில் பேசாமல் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசிக்கொள்வது நல்லது.

பேசி முடித்ததும் நடத்துபவர் தான் மட்டும் வெளியேறாமல் "End Meeting for All" கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவர் போன பிறகும் உள்ளே இருப்பவர்களின் கூட்டம் தொடரக்கூடும். வீட்டுக்காரர் தூங்கப் போகும் முன் வாசற்கதவைச் சாத்துவது போலத்தான் இதுவும்.